நேரம் மாறியது, பதிவு மாறவில்லை

புதன்கிழமை மாலை 3 மணிக்கு ஒருவருக்குப் பல் மருத்துவரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து தகவல் வருகிறது: வியாழன் காலை 11 மணிக்கு வாருங்கள். மின்னஞ்சலோடு நாட்காட்டி அழைப்பும் சேர்ந்து வருகிறது. அவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொள்கிறார். வியாழன் காலைக் கட்டத்தில் 'பல் பரிசோதனை' என்று ஒரு பதிவு முளைக்கிறது. புதன் மாலைக் கட்டத்தில் ஏற்கெனவே இருந்த 'பல் பரிசோதனை'யும் நகராமல் அங்கேயே இருக்கிறது. புதன்கிழமை 2.30 மணிக்குக் கைபேசி மணியடிக்க, அவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிப் போய், வரவேற்பறையில் விளக்கம் கேட்டு நிற்கிறார்.

இப்படி நடந்தால் எல்லோரும் திட்டுவது கைபேசியைத்தான். கைபேசியின் மேல் பிழை இருப்பது அபூர்வம். இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே சந்திப்பைப் பற்றியவை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தலைப்பு ஒன்றாக இருக்கிறதே, மருத்துவமனை ஒன்றாக இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே மருத்துவரிடம் இரண்டு முறை போகிறவர்கள் உண்டு. தலைப்பைப் பார்த்துப் பழைய பதிவை அழிக்கும் நாட்காட்டி, என்றாவது ஒருநாள் உண்மையான சந்திப்பு ஒன்றையும் சத்தமில்லாமல் அழித்துவிடும். இரட்டைப் பதிவு எரிச்சலூட்டும், அவ்வளவுதான். காணாமல் போன பதிவு அதைவிடப் பெரிய கேடு. ஆகவே உறுதியாகத் தெரியாதபோது புதிதாக ஒன்றைச் சேர்த்துவைப்பது நாட்காட்டிக்குச் சரியான முடிவுதான்.

அப்படியானால் உறுதியாகத் தெரிவிப்பது எப்படி? அதற்கு முதலில் அந்த அழைப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி

மருத்துவமனையின் கணினியில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. நோயாளியின் கைபேசியில் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மென்பொருள்கள். ஒன்றின் உள்ளே மற்றொன்று எட்டிப் பார்க்க வழியில்லை. இரண்டுக்கும் பொதுவான ஓர் ஏடு எங்கோ நடுவில் இருக்கிறது, அதில் திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரே அலுவலகத்துக்குள், ஒரே நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் நடுவில் எதுவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது. பிரதிகளுக்கு இடையே மின்னஞ்சல் மட்டும் ஓடுகிறது. உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்ட திருமண அழைப்பிதழைப் போலத்தான். முகூர்த்த நேரம் மாறினால் புதிய அழைப்பிதழ் அனுப்பலாம், ஆனால் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழையதை நாம் போய்க் கிழிக்க முடியாது. அதைக் கிழிக்க வேண்டியவர் பெற்றுக்கொண்டவர்தான்.

எதைக் கிழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. இந்தச் சிக்கலுக்கு 1998-இலேயே ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழு ஆர்.எஃப்.சி. 2445 என்ற ஆவணத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் இருவர்: லோட்டஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் டாசன், மைக்ரோசாஃப்டின் டெரிக் ஸ்டெனர்சன். அன்று அலுவலக நாட்காட்டிச் சந்தையில் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். ஐகேலண்டர் என்ற அந்த வடிவம் 2009-இல் ஆர்.எஃப்.சி. 5545 என்று திருத்தி எழுதப்பட்டது. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அழைப்பது, மாற்றுவது, ரத்து செய்வது ஆகியவற்றின் விதிகள் ஆர்.எஃப்.சி. 5546-இல் தனியாக இருக்கின்றன. நம் மின்னஞ்சலில் `.ics` என்று முடியும் இணைப்பாக வருவது இந்த வடிவத்தில் எழுதிய சாதாரண உரைக்கோப்புதான். எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம்.

மருத்துவமனை முதலில் அனுப்பிய அழைப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//Example Clinic//Booking//TA
METHOD:REQUEST
BEGIN:VEVENT
UID:7c0e5b1a-3f52-4d0b-9a6e-2b8f4c91d7e3
SEQUENCE:0
DTSTAMP:20250609T043000Z
DTSTART:20250618T093000Z
DTEND:20250618T100000Z
SUMMARY:பல் பரிசோதனை
ORGANIZER:mailto:clinic@example.com
ATTENDEE;RSVP=TRUE:mailto:patient@example.org
END:VEVENT
END:VCALENDAR
```

நேரங்களின் இறுதியில் உள்ள `Z` அவை உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டவை என்பதைக் குறிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. ஆகவே `093000Z` என்பது நமக்கு மாலை 3 மணி. 2025 ஜூன் 18, புதன்கிழமை. எல்லாம் சரி.

மாற்றத்தைச் சரியாகச் செய்ய, பதினைந்து வரிகளில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று: `UID`, `SEQUENCE`, `DTSTAMP`. நாட்காட்டி தன்னிடம் வரும் ஒவ்வொரு அழைப்பிடமும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறது. நீ எந்தச் சந்திப்பு? நீ பழையவனா, புதியவனா? முதல் கேள்விக்கு விடை `UID`. இரண்டாவது கேள்விக்கு மற்ற இரண்டும்.

எந்தச் சந்திப்பு?

`UID` என்பது அந்தச் சந்திப்பின் நிரந்தர அடையாளம். உலகில் வேறெந்த நாட்காட்டியிலும் வேறெந்தச் சந்திப்புக்கும் அது இருக்கக் கூடாது. இதைக் கொடுக்க ஒரு மைய அலுவலகம் கிடையாது. அவரவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் மோதக் கூடாது. தொடக்க காலத்தில் நாள், நேரம், கணினியின் பெயர் மூன்றையும் ஒட்டி ஒரு சரம் செய்தார்கள். கணினியின் பெயரை வெளியாருக்குக் காட்டுவது நல்லதல்ல என்பதால் 2016-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7986 அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. இப்போது பரிந்துரைக்கப்படுவது மேலே கண்டது போன்ற 36 எழுத்துச் சரம். அதில் 122 பிட்டுகள் வெறும் தற்செயல். இரண்டு கணினிகள் தனித்தனியே இப்படி ஒன்றை உருவாக்கி அவை ஒத்துப்போவதற்கான வாய்ப்பு, நடைமுறையில் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

சில மருத்துவமனை மென்பொருள்களை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நோயாளியின் தொலைபேசி எண்ணையும் தேதியையும் சேர்த்து ஒட்டி `UID` செய்யலாம் என்று நினைப்பார்கள். வேண்டாம். அழைப்பு வேறு யாருக்கோ முன்னனுப்பப்பட்டால் எண்ணும் கூடவே போகும். அதைவிட முக்கியமான காரணம் வேறு: தேதியை அடையாளத்துக்குள் வைத்துவிட்டால், தேதி மாறும்போது அடையாளமும் மாறிவிடும். நாம் தீர்க்க வந்த நோயே அதுதான்.

இரட்டைப் பதிவுகளில் பெரும்பாலானவை பிறக்கும் இடமும் இதை ஒட்டியதே. நிரல் எழுதுகிறவர், மின்னஞ்சல் தயாரிக்கும் செயற்கூறுக்குள்ளேயே புதிய `UID` ஒன்றை உருவாக்கும்படி எழுதிவிடுகிறார். சில நிரல் நூலகங்களில், நாம் `UID` கொடுக்க மறந்தால் அவையே புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். பிழைச் செய்திகூட வராது. முதல் அழைப்பை அனுப்பிப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. சோதனையில் யாரும் நேரத்தை மாற்றிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒவ்வொரு புதிய சந்திப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது நோயாளிகள் தவறான நாளில் வந்து நின்ற பிறகுதான் தெரியவரும்.

இன்னொரு வழி கொஞ்சம் நுட்பமானது. மென்பொருள் முன்பதிவின் வரிசை எண்ணிலிருந்து `UID`-ஐ உண்டாக்குகிறது, அது வரை நல்லது. ஆனால் வரவேற்பறைக்காரர் நேரத்தை மாற்றும்போது, உள்ளே பழைய முன்பதிவு ரத்தாகிப் புதிய முன்பதிவு ஒன்று எழுதப்படுகிறது. தரவுத்தளத்துக்கு அது வசதி. வரிசை எண் மாறியதால் `UID` மாறுகிறது. மருத்துவமனைத் திரையில் ஒரே ஒரு சந்திப்புத்தான் தெரியும். நோயாளியின் திரையில் இரண்டு. இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் புகாரை விசாரிக்கிறவர் தன் திரையைப் பார்த்து 'எங்களிடம் சரியாகத்தானே இருக்கிறது' என்பார், அவர் சொல்வதும் உண்மை.

`UID` மின்னஞ்சலுக்கு உரியதல்ல, முன்பதிவுக்கு உரியது. முன்பதிவு பிறக்கும்போது ஒரே ஒரு முறை உருவாக்கி, அதன் அருகிலேயே ஒரு தனிப் பத்தியில் சேமித்துவைக்க வேண்டும். பிறகு எத்தனை மின்னஞ்சல் போனாலும் அங்கிருந்தே எடுத்து ஒட்ட வேண்டும். தரவுத்தளத்தில் உள்ளே வரிசைகள் எப்படிப் பிறந்து இறந்தாலும் இந்தப் பத்தியில் உள்ளது அடுத்த வரிசைக்குக் கைமாறிப் போக வேண்டும்.

எது புதியது?

திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு அனுப்பிய மாற்ற அழைப்பில் மாறிய வரிகள் மட்டும் இவை, மற்றவை முன்போலவே:

```
UID:7c0e5b1a-3f52-4d0b-9a6e-2b8f4c91d7e3
SEQUENCE:1
DTSTAMP:20250616T103000Z
DTSTART:20250619T053000Z
DTEND:20250619T060000Z
```

`UID` அசையவில்லை. `SEQUENCE` பூஜ்யத்திலிருந்து ஒன்றாகிவிட்டது. `DTSTAMP` இந்த அழைப்பு தயாரிக்கப்பட்ட நேரத்தைக் காட்டுகிறது. நாட்காட்டி இதைப் பெற்றதும் தன்னிடம் அதே `UID` இருக்கிறதா என்று தேடும். இருந்தால் எண்களை ஒப்பிடும். வந்த அழைப்பின் `SEQUENCE` பெரிதாக இருந்தால் பழைய பதிவின் விவரங்களை எடுத்துவிட்டு இதை வைக்கும். சிறிதாக இருந்தால் வந்ததைத் தள்ளிவிடும். சமமாக இருந்தால் மட்டுமே `DTSTAMP`-ஐப் பார்க்கும். பிந்திய நேரம் வெல்லும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நேரமுத்திரை இருக்கும்போது எண் எதற்கு? பிந்திய நேரம் எதுவோ அதுவே புதியது என்று விட்டுவிடலாமே?

மருத்துவமனையில் இரண்டு கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவேற்பறைக் கணினியின் கடிகாரம் சரி. மருத்துவர் அறையில் உள்ளதன் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. 4 மணிக்கு வரவேற்பறையிலிருந்து நேரத்தை 11 மணிக்கு மாற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து மருத்துவர் தன் அறையிலிருந்து அதை 12 மணி என்று திருத்துகிறார். அவருடைய கணினி அந்த அழைப்பில் 3.55 என்று முத்திரை குத்தும். முத்திரையை மட்டும் நம்பினால் முதலில் அனுப்பியதே புதியது என்றாகி, 12 மணி என்ற திருத்தம் குப்பைக்குப் போகும். எண்ணைப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை: வரவேற்பறை அனுப்பியது 1, மருத்துவர் அனுப்பியது 2. எந்தக் கடிகாரமும் தேவையில்லை.

லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிவியலாளர் 1978-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான். பரவிக் கிடக்கும் கணினிகளுக்கு இடையே எது முன், எது பின் என்று முடிவுசெய்யச் சுவர்க் கடிகாரம் வேண்டியதில்லை, கூடிக்கொண்டே போகும் எண் போதும் என்று அவர் காட்டினார். அவருடைய சிக்கல் கடினமானது, ஏனென்றால் அங்கே எல்லாக் கணினிகளும் எழுதும். நாட்காட்டி அழைப்பில் நேரத்தை மாற்றும் உரிமை அழைப்பவர் ஒருவருக்கே. நோயாளி ஏற்கலாம், மறுக்கலாம், வேறு நேரம் கேட்கலாம். எண்ணைக் கூட்ட அவருக்கு உரிமையில்லை. எழுதுகிறவர் ஒருவராக இருந்தால் சாதாரண எண்ணிக்கையே போதுமானது. வடிவத்தை அமைத்தவர்கள் சிக்கலை இப்படிச் சுருக்கிக்கொண்டது கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு ஆபத்திலிருந்தும் எண் காப்பாற்றுகிறது. மின்னஞ்சல்கள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 11 மணி என்று சொன்ன மின்னஞ்சல் எங்கோ ஒரு சேவையகத்தில் அரை மணி நேரம் தங்கிவிட, 12 மணி என்று சொன்னது முன்னால் வந்துவிடலாம். நாட்காட்டி 2-ஐப் பதிந்து வைத்துக்கொள்கிறது. அரை மணி கழித்து 1 வந்து கதவைத் தட்டும்போது, அது சிறியது என்பதால் பேசாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இந்த எண் பயன்படுகிறது. நோயாளி சிக்னல் இல்லாத ரயிலில் இருந்தபடி பழைய புதன் மாலை அழைப்பை ஏற்கிறார். அந்தப் பதில் கைபேசியிலேயே காத்திருந்து, மருத்துவமனை நேரத்தை மாற்றிய பிறகு போய்ச் சேர்கிறது. பதிலுக்குள் `SEQUENCE:0` என்று இருக்கும். அவர் சம்மதித்தது எந்த நேரத்துக்கு என்பது அதிலேயே தெரிந்துவிடும். வியாழனுக்கு அவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்று மருத்துவமனையின் கணினி புரிந்துகொள்ள வேண்டும். பல மென்பொருள்கள் இந்த எண்ணைப் பார்க்காமலே 'வருகிறார்' என்று பச்சை அடையாளம் போட்டுவிடுகின்றன. என் பார்வையில் இது இரட்டைப் பதிவைவிட மோசமான பிழை, யார் கண்ணிலும் படாது என்பதால்.

எப்போது எண்ணைக் கூட்ட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. தொடக்க நேரம், முடிவு நேரம், கால அளவு, திரும்ப வரும் முறை, நிலை ஆகியவை மாறினால் கட்டாயம் கூட்ட வேண்டும். தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் கூட்டுவதும் கூட்டாததும் அழைப்பவர் விருப்பம். சிலர் எண்ணைத் தொடாமல் `LAST-MODIFIED` என்ற வரியை மட்டும் புதுப்பித்துவிட்டு மாற்றம் போய்ச் சேரவில்லை என்று தலையைச் சொறிவார்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் வேலை செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எது புதியது என்று முடிவுசெய்யும் விதியில் அந்த வரிக்கு இடமே இல்லை.

உறை சரியாக இருக்க வேண்டும்

உள்ளே உள்ள வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் இரட்டைப் பதிவு வருவதுண்டு. அப்போது பார்க்க வேண்டியது அழைப்பு பயணம் செய்த உறையை. கோப்பில் `METHOD:REQUEST` என்று ஒரு வரி இருந்ததல்லவா? இது வெறும் தகவல் அல்ல, பதில் எதிர்பார்க்கும் அழைப்பு என்று அது சொல்கிறது. மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் அதே சொல் இருக்க வேண்டும்:

```
Content-Type: text/calendar; method=REQUEST; charset=UTF-8
```

இப்படி வந்தால் மின்னஞ்சல் செயலி இதை அழைப்பு என்று அடையாளம் கண்டு, பழைய பதிவைத் தேடும் வேலையைத் தானே செய்கிறது. இதற்குப் பதிலாகக் கோப்பை ஒரு படத்தையோ பில்லையோ இணைப்பது போல இணைத்து அனுப்பினால், பெறுகிறவர் அதைச் சொடுக்கித் திறந்து சேமிக்க வேண்டியிருக்கும். அது அழைப்பு அல்ல, கோப்பு இறக்குமதி. இறக்குமதியின்போது `UID`-ஐ ஒப்பிடுவதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி. `METHOD:PUBLISH` என்று அனுப்பினாலும் இதே நிச்சயமின்மைதான். அது விடுமுறைப் பட்டியல் போன்ற பொது அறிவிப்புகளுக்கு ஏற்பட்டது.

இணையப் பக்கங்களில் 'நாட்காட்டியில் சேர்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இன்னும் கைவிட்ட நிலை. கூகுள் நாட்காட்டிக்கான அந்த இணைப்பு, தலைப்பும் நேரமும் நிரப்பிய ஒரு புதிய படிவத்தைத் திறந்து கொடுக்கிறது. அதில் `UID` எழுதும் இடமே இல்லை. இரண்டு முறை அழுத்தினால் இரண்டு பதிவு. மாறக்கூடிய எந்தச் சந்திப்புக்கும் அந்தப் பொத்தானை வைக்கக் கூடாது என்பேன்.

அனுப்புகிறவரின் முகவரியும் முக்கியம். முதல் அழைப்பில் `ORGANIZER` வரியில் ஒரு முகவரி, மாற்றத்தில் வேறொரு முகவரி என்றால் நாட்காட்டிகள் சந்தேகப்படும், படவும் வேண்டும். `UID` தெரிந்த எவரும் உங்கள் சந்திப்பை நகர்த்திவிட முடிந்தால் என்ன ஆகும்? நேர்காணலுக்குப் போகிற போட்டியாளரின் நாட்காட்டியில் நேரத்தை ஒரு மணி தள்ளிவைப்பது விளையாட்டாகிவிடும். வரவேற்பறை ஒரு முகவரியிலிருந்து அனுப்ப, தானியங்கி நினைவூட்டல் இன்னொரு முகவரியிலிருந்து போகும் இடங்களில் மாற்றங்கள் ஏற்கப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

நான்கு வாரச் சிகிச்சை

இதுவரை ஒரே ஒரு சந்திப்பு. இப்போது அந்த நோயாளிக்கு வேர்ச் சிகிச்சை, நான்கு வாரம் தொடர்ந்து புதன் மாலை 3 மணிக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அழைப்புகள் தேவையில்லை. ஒரே `UID`, `RRULE:FREQ=WEEKLY;COUNT=4` என்று ஒரு வரி. ஜூன் 18, 25, ஜூலை 2, 9 என நான்கு நாட்களை நாட்காட்டியே விரித்துக்கொள்ளும்.

ஜூன் 25-ஆம் தேதியை மட்டும் வியாழன் 26-க்கு மாற்ற வேண்டும். `UID` நான்குக்கும் பொது. ஆகவே எந்தச் சந்திப்பு என்ற கேள்விக்கு அது மட்டும் போதாது. இங்கேதான் `RECURRENCE-ID` வருகிறது:

```
UID:(தொடரின் அதே UID)
RECURRENCE-ID:20250625T093000Z
SEQUENCE:1
DTSTART:20250626T093000Z
DTEND:20250626T100000Z
```

தொடரின்படி 25-ஆம் தேதி 3 மணிக்கு நடந்திருக்க வேண்டிய அந்த ஒன்று, இப்போது 26-ஆம் தேதி நடக்கும் என்று பொருள். `RECURRENCE-ID` ஒரு தேதியைப் போலத் தெரிந்தாலும் அதன் வேலை தேதி சொல்வதல்ல. அது பெயர். தொடர் பிறந்தபோது அந்த ஒன்றுக்குக் கிடைத்த இடத்தின் பெயர்.

மறுநாள் மருத்துவருக்கு 26-உம் முடியவில்லை, 27 என்கிறார். நிரலாளர் என்ன எழுதுவார்? '26-இல் இருப்பதை 27-க்கு நகர்த்து' என்று யோசித்து `RECURRENCE-ID`-இல் 26-ஐப் போட்டுவிடுவார். அழகான தவறு. நாட்காட்டி தொடரில் 26 என்ற பெயரில் எதையும் காணாது. சில செயலிகள் மாற்றத்தை ஒதுக்கிவிடும். சில 27-இல் புதிதாக ஒன்றைச் சேர்த்து 26-ஐயும் அப்படியே வைத்திருக்கும். சரியான விடை மீண்டும் 25 தான். `SEQUENCE` இரண்டாகும், `DTSTART` 27 ஆகும். சந்திப்பு எத்தனை முறை இடம் மாறினாலும் அதன் பெயர் 25 ஆகவே இருக்கும்.

தொடர் முழுவதும் மாறும்போது இன்னும் சிக்கல். நான்கையும் 3 மணியிலிருந்து 5 மணிக்கு நகர்த்தினால், பெயர்களே 5 மணி என்று மாறிவிடுகின்றன. முன்பு தனியாக நகர்த்தி வைத்திருந்த ஒன்று அநாதையாக நிற்கும். அதையும் புதிய பெயரோடு சேர்த்து மறுபடி அனுப்ப வேண்டும். பெரிய நிறுவனங்களின் நாட்காட்டிகளே இங்கே சறுக்குவதுண்டு. தனித்தனி மாற்றங்கள் அதிகமாக வரும் சிகிச்சைகளுக்கு நான்கு தனி `UID`-களோடு நான்கு அழைப்புகள் அனுப்புவதே நிம்மதி என்று சொல்லுவேன். கோப்பின் நேர்த்தி குறையும், பரவாயில்லை.

எங்கே கோளாறு என்று பார்ப்பது

இரட்டைப் பதிவு வந்துவிட்டது, காரணம் யார் என்று அறிய வேண்டும். இரண்டு மின்னஞ்சல்களின் `.ics` இணைப்பையும் இறக்கி, உரைத்தொகுப்பியில் பக்கத்தில் பக்கமாக வைத்து `UID` வரியைப் பாருங்கள். வெவ்வேறாக இருந்தால் அனுப்பியவர் பிழை; மேலே தேட வேண்டியதில்லை. ஒன்றாகவே இருந்தால் `SEQUENCE` கூடியிருக்கிறதா, `ORGANIZER` ஒத்திருக்கிறதா, மின்னஞ்சலின் மூலத்தில் `method=REQUEST` இருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது ஒரு கண்ணி உண்டு. இந்த வடிவத்தில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சினால் அடுத்த வரியில் ஓர் இடைவெளி விட்டுத் தொடரும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு எடுப்பதால் நம் தலைப்புகள் ஆங்கிலத் தலைப்புகளைவிடச் சீக்கிரமே மடிந்துவிடும். அவுட்லுக் உருவாக்கும் `UID` பொதுவாக 112 எழுத்து நீளம், ஆகவே அதுவும் மடியும். அதன் தொடக்கம், `040000008200E00074C5B7101A82E008` என்ற 32 எழுத்துகள், எல்லா அவுட்லுக் சந்திப்புகளுக்கும் பொது. தொடக்கத்தை மட்டும் பார்த்து 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது, மடிந்த வரியின் கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும்.

`UID` உட்பட எல்லாம் ஒத்திருந்தும் இரண்டாகத் தெரிந்தால், பதிவுகள் இரண்டு கணக்குகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கைபேசியில் அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் இருந்து, மருத்துவமனையிடம் முதலில் ஒரு முகவரியும் பிறகு இன்னொரு முகவரியும் கொடுத்திருந்தால், ஒவ்வொரு கணக்கும் தன் சேமிப்புக்குள் மட்டுமே தேடும். அலுவலகக் கணக்கில் உள்ள புதன் பதிவு சொந்தக் கணக்குக்குத் தெரியாது. ஒரு கணக்கின் நாட்காட்டியை மறைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று மறையும். இதை எந்த `SEQUENCE`-ஆலும் தீர்க்க முடியாது. பழையதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

அனுப்பியவர் பக்கத்தில் பிழை என்று தெரிந்தபின் நிரலைத் திருத்திவிடலாம். ஆனால் ஏற்கெனவே நோயாளிகளின் கைபேசிகளில் உட்கார்ந்திருக்கும் தவறான பதிவுகள் திருத்தத்தால் மறையாது. அவற்றை எடுக்க ஒரே வழி, பழைய `UID`-க்கே `METHOD:CANCEL` என்று ஓர் அழைப்பு அனுப்புவது. அதில் `SEQUENCE` முன்பு அனுப்பியதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். `STATUS:CANCELLED` என்றும் எழுத வேண்டும். அதற்குப் பழைய `UID` கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பும்போதே உருவாக்கி, எங்கும் எழுதிவைக்காமல் விட்ட மென்பொருளிடம் அது இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களின் நகல் சேவையகத்தில் மிச்சமிருந்தால் அவற்றைத் திறந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கலாம். நகலும் இல்லையென்றால், வரவேற்பறையில் இருப்பவர் நேரம் மாறிய ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, பழைய பதிவை நீங்களே அழித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான்.